திரும்பாமல் திரும்பும் காது: கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஊட்டி வரை

1885ஆம் ஆண்டு கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் பதவி ஒன்று கை மாறியது. இரண்டு வருடங்கள் அந்த நாற்காலியில் இருந்த ஃபெர்டினான்ட் பிரவுன் ட்யூபிங்கனுக்குப் போனார். அவர் இடத்துக்கு ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் வந்தார். அடுத்த சில வருடங்களில் ஹெர்ட்ஸ் இங்கே செய்ததை நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள்: மின்காந்த அலை வெறும் கணக்கு அல்ல, சுவரில் பட்டுத் திரும்பி வரும் உண்மையான பொருள் என்று காட்டினார். ரேடியோ, கைபேசி எல்லாவற்றுக்கும் அதுதான் தொடக்கம்.

ஆனால் இந்தப் பதிவு, இந்த ஊரை விட்டுப் போனவர் பின்னாளில் செய்த ஒரு வேலையைப் பற்றியது. அந்த வேலை இருபது வருடங்களுக்குப் பிறகு ஸ்ட்ராஸ்பூர்க்கில் மூன்று கம்பங்களாக நின்றது. அறுபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு தமிழ்நாட்டில், நீலகிரி மலைச்சரிவில், அரைக் கிலோமீற்றர் நீளமாகக் கிடந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு கூடவே ஒரு பேயும் வருகிறது. எண்ணத்தையும் பேயையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே காரணத்தால் பிறந்தவை.

ஹெர்ட்ஸின் துத்தநாகத் தகடு

ஹெர்ட்ஸ் தன் விரிவுரை மண்டபத்தின் ஒரு சுவரில் பெரிய துத்தநாகத் தகடு ஒன்றைப் பொருத்தினார். எதிர்ப்பக்கத்திலிருந்து அலையை அனுப்பினார். நேராகப் போகும் அலையும் தகட்டில் பட்டுத் திரும்பும் அலையும் மண்டபத்துக்குள் சந்தித்தன. சில இடங்களில் இரண்டும் சேர்ந்து பலமாயின. சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிட்டன. கையில் ஒரு கம்பி வளையத்தை வைத்துக்கொண்டு நடந்தால், அதன் இடைவெளியில் பொறி தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓர் இடத்தில் பலமா, ஒன்றுமில்லையா என்பதை அலையின் வலிமை மட்டும் முடிவு செய்யவில்லை. இரண்டு அலைகளும் அங்கே வந்து சேரும்போது தங்கள் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இதைத் தமிழ்நாட்டில் ‘கட்டம்’ என்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் ‘அவத்தை’. டொச்சில் நீங்கள் படித்த ‘ஃபாஸெ’ இதுதான். ஒரு முழு ஏற்ற இறக்கத்தை மணிக்கூட்டு முள்ளின் ஒரு சுற்றாக நினைத்துக்கொள்ளுங்கள்: 360 பாகை. இரண்டு அலைகளின் முட்களும் ஒரே திசையைக் காட்டினால் கூடும். நேரெதிராக, 180 பாகை விலகி நின்றால் அழியும்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் மூன்று கம்பங்கள்

பிரவுன் 1895இல் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு வந்தார். அப்போது அந்த நகரம் ஜேர்மனியின் பகுதி. இன்று இங்கிருந்து ரயிலில் ஒரு மணிநேரத்துக்குள் போய்விடலாம். 1897இல் அவர் செய்த கதோட் கதிர்க்குழாய்தான் பிறகு பழைய பெட்டித் தொலைக்காட்சிகளின் திரையானது. அதன்பின் கம்பியில்லாத் தந்தியில் இறங்கினார். 1909இல் மார்க்கோனியோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றதும் இந்த வேலைக்காகத்தான்.

அந்தக் காலத்து அன்ரெனாவில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒரு செங்குத்துக் கம்பம் எல்லாத் திசைக்கும் ஒரே அளவு கத்தும். உங்கள் செய்தி கப்பலுக்குப் போகும் அதே நேரத்தில், பின்னால் இருக்கும் எல்லோருக்கும் போகும். ஒளிக்குக் கண்ணாடி வைத்துத் திசை காட்டுவதுபோல் இதற்கும் செய்யலாம். ஆனால் நூறு மீற்றர் அளவுள்ள அலைக்கு அதைவிடப் பெரிய கண்ணாடி வேண்டும். அதைத் திருப்புவது யார்?

1905இல் பிரவுன் வேறு வழி காட்டினார். மூன்று கம்பங்களைச் சமபக்க முக்கோணத்தின் மூலைகளில் நிறுத்தினார். மூன்றுக்கும் ஒரே அலைதான். ஆனால் ஒன்றுக்கு மட்டும் கால் சுற்றுத் தாமதமாகக் கொடுத்தார். அலை ஒரு பக்கமாகப் பலமாகப் போனது. தாமதத்தை வேறு கம்பத்துக்கு மாற்றினால், அலை போகும் திசையும் சுற்றியது. கம்பங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

இது ஏன் நடக்கிறது என்பதை மூன்று கம்பம் இல்லாமல் இரண்டை வைத்தே பார்க்கலாம். மேற்கில் ஒன்று, கிழக்கில் ஒன்று, இடையில் கால் அலைநீளம். கிழக்குக் கம்பத்தைக் கால் சுற்றுத் தாமதமாக இயக்குகிறோம். மேற்கிலிருந்து கிளம்பிய அலை கிழக்குக் கம்பத்தை அடையக் கால் சுற்று நேரம் ஆகும். சரியாக அப்போதுதான் கிழக்குக் கம்பமும் கிளம்புகிறது. இரண்டும் கைகோத்துக் கிழக்கே போகின்றன. மேற்குப் பக்கம் பாருங்கள். கிழக்குக் கம்பம் ஏற்கெனவே கால் சுற்றுத் தாமதம்; அதன் அலை மேற்குக் கம்பத்தை எட்ட இன்னும் கால் சுற்று. மொத்தம் அரைச் சுற்று, 180 பாகை. இரண்டும் அழிந்துவிடுகின்றன.

கட்டத்தை மாற்றினால் திசை மாறும். இன்று ‘ஃபேஸ்ட் அரே’ என்று சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. அனுப்புவதற்கு எது பொருந்துமோ அதுவே கேட்பதற்கும் பொருந்தும்: எந்தத் திசைக்குப் பலமாக அனுப்புகிறதோ, அந்தத் திசையிலிருந்துதான் பலமாகக் கேட்கும்.

சிட்னியில் வேண்டுமென்றே வளர்த்த பேய்

மூன்று கம்பத்துக்குப் பதிலாக முப்பது வைத்தால் கற்றை கூர்மையாகும். ஆனால் அவற்றை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம்? இந்தக் கேள்வியில்தான் பேய் ஒளிந்திருக்கிறது. அதை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் வானொலி வானியலாளர்கள்.

1950களின் தொடக்கத்தில் சிட்னிக்கு அருகே பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் கிறிஸ் கிறிஸ்டியன்சன் 32 சிறிய தட்டு அன்ரெனாக்களை ஒரே வரிசையில், 7 மீற்றருக்கு ஒன்றாக நிறுத்தினார். அவர் கேட்டது 21 சென்ரிமீற்றர் அலையை. அதாவது ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 33 அலைநீளங்கள் அடங்கும். இப்படி வைத்தால் வரிசை ஒரே திசையைப் பார்க்காது. கூர்மையான கற்றை ஒன்று, அதற்குப் பக்கத்தில் 1.7 பாகை தள்ளி அதேபோல் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று என்று வானத்தில் சீப்புப் பற்கள்போல் கற்றைகள் நிற்கும்.

இந்தக் கூடுதல் கற்றைகளுக்கு ‘கிரேட்டிங் லோப்’ என்று பெயர். கிரேட்டிங், டொச்சில் ‘கிட்டர்’, என்றால் கம்பிக் கிராதி. 1821இல் ஃப்ரவுன்ஹோஃபர் நுண்ணிய கம்பிகளை நெருக்கமாக, சம இடைவெளியில் கட்டி அதனூடே ஒளியை விட்டபோது, நடுவில் ஒளிக்கோடும் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப நிறமாலைகளும் தெரிந்தன. ஒளிக்கு அந்தக் கிராதி செய்ததையே வானொலி அலைக்கு அன்ரெனா வரிசை செய்கிறது. ஆகவே இதைக் கிராதிக் கற்றை என்றே இனிமேல் சொல்கிறேன்.

கிறிஸ்டியன்சனுக்கு இவை தொல்லை அல்ல. அவர் பார்த்தது சூரியனை. சூரியனின் அகலம் அரைப் பாகைதான். கற்றைகளுக்கு இடையே 1.7 பாகை. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கற்றைதான் சூரியன்மேல் இருக்கும். மற்றவை அமைதியான வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூமி சுற்றச் சுற்ற, சூரியன் ஒரு பல்லைத் தாண்டி அடுத்த பல்லுக்குள் வரும். ஒரே நாளில் பலமுறை சூரியனை வருடிப் பார்க்கலாம்.

1953இல் கொழும்புத் திட்டப் புலமைப்பரிசிலில் இந்தியாவிலிருந்து சிட்னிக்குப் போன ஓர் இளைஞர் இந்த வரிசையில் வேலை கற்றுக்கொண்டார். பெயர் கோவிந்த் ஸ்வரூப். பிறகு அந்தத் தட்டுக்களே இந்தியாவுக்கு அன்பளிப்பாக வந்து சேர்ந்தன. 1965இல் மும்பைக்கு அருகே கல்யாணில் அவை மறுபடி வரிசையாக நின்று சூரியனைப் பார்த்தன.

ஆனால் ஸ்வரூப்பின் அடுத்த திட்டம் சூரியன் அல்ல. கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள, மிக மங்கலான வானொலி மண்டலங்கள். வானத்தில் ஒரே ஒரு பெரிய விளக்கு எரியும்போது சீப்புப் போல் பார்ப்பது பரவாயில்லை. ஆயிரம் சின்ன விளக்குகளில் ஒன்றைத் தேடும்போது, கேட்கும் சத்தம் எந்தப் பல்லிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

முத்தோரை மலைச்சரிவு

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு மலை வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சரிந்திருக்கிறது. அந்த இடத்தின் அகலக்கோடும் சுமார் 11 பாகை. இதனால் சரிவின்மேல் வடக்கு தெற்காகப் படுக்க வைத்த எதுவும் பூமியின் அச்சுக்கு இணையாகவே கிடக்கும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்வரூப்பின் குழு இந்த மலையைத் தேடிப் பிடித்து, 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உள்ள நீள் தொட்டி போன்ற தொலைநோக்கியை அதன்மேல் கட்டியது. 1970இல் அது வேலை செய்யத் தொடங்கியது. முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது.

தொட்டியின் பரப்பு தகடு அல்ல. நீளவாட்டில் இழுத்துக் கட்டிய 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். அவை அலையைத் தொட்டியின் குவியக்கோட்டுக்குத் திருப்புகின்றன. அந்தக் கோட்டில் 1056 இருமுனை அன்ரெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ்; அலைநீளம் 91.8 சென்ரிமீற்றர்.

கிழக்கு மேற்காகப் பார்வையை மாற்ற, மோட்டார்கள் தொட்டி முழுவதையும் அதன் நீள அச்சைச் சுற்றிச் சாய்க்கின்றன. அச்சு பூமியின் அச்சுக்கு இணை என்பதால், அந்த ஒரு சுழற்சி மட்டுமே ஒரு விண்பொருளை ஒன்பது மணிநேரத்துக்கு மேல் பின்தொடரப் போதும். ஆனால் வடக்கு தெற்காக அரைக் கிலோமீற்றர் எஃகைத் தூக்கிச் சாய்க்க முடியாது. அங்கேதான் பிரவுனின் முறை வருகிறது.

வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே 30 பாகையில் உள்ள ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1056 இருமுனைகள் சுமார் 506 மீற்றருக்குள் இருக்கின்றன; ஆக ஒன்றிலிருந்து அடுத்தது 47.9 சென்ரிமீற்றர். அலை வடக்கிலிருந்து சாய்ந்து வருவதால் வடகோடி இருமுனை முதலில் கேட்கும். அடுத்தது கேட்கும் முன் அலை இன்னும் கொஞ்சம் பயணம் செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் தூரம் 47.9 × sin 30° = 24 சென்ரிமீற்றர். 91.8இல் 24 என்றால் ஏறக்குறைய கால் சுற்று. கணக்காக 94 பாகை.

எனவே ஒவ்வொரு இருமுனையின் சமிக்ஞையும் தன் வடபக்கத்து அயலவரை விட 94 பாகை பின்தங்கி வருகிறது. அதைச் சரிக்கட்டக் கட்டமாற்றிகளை 0, 94, 188, 282 பாகை என்று படிப்படியாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் கூட்டினால், வடக்கே 30 பாகையிலிருந்து வரும் அலைக்கு மட்டும் 1056 முட்களும் ஒரே திசையைக் காட்டும். படியை 94இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றினால் பார்வை வேறு இடத்துக்கு நகரும். மலையில் எதுவும் அசையாது.

ஐந்தாவது இருமுனைக்கு என்ன வரும்? 376 பாகை. ஆனால் 376 என்பது ஒரு முழுச் சுற்றும் 16 பாகையும். முழுச் சுற்றை விட்டுவிட்டு 16 என்று வைத்தால் போதும். கடைசி இருமுனைக்கு வரும்போது மொத்தம் 275 சுற்றுக்கு மேல் ஆகிவிடும். அங்கேயும் 360க்குள் ஓர் எண்தான். இதனால்தான் கட்டமாற்றி சின்னதாகவும் மலிவாகவும் இருக்க முடிகிறது. கட்டம் முழுச் சுற்றுக்களை எண்ணாது. மணிக்கூடு மூன்று மணி என்று காட்டும்; எந்த நாள் என்று சொல்லாது.

இந்த மறதிதான் நமக்கு வசதி. பேயும் இந்த மறதியில்தான் பிறக்கிறது.

அணிக்காரணி

1056 சமிக்ஞைகளைக் கூட்டுவதை 1056 சிறிய அம்புகளை வால் தலையாக ஒட்டுவதுபோல் நினையுங்கள். நாம் குறிவைத்த திசைக்கு எல்லா அம்பும் ஒரே பக்கம் காட்டும். நீளமான நேர்கோடு வரும். திசை கொஞ்சம் விலகினால் ஒவ்வொரு அம்பும் முந்தையதைவிடச் சிறிது திரும்பியிருக்கும், கோடு வளையும். இன்னும் விலகினால் வட்டமாகச் சுருண்டு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும், கூட்டுத்தொகை பூச்சியம். இந்தக் கூட்டுத்தொகைக்குத்தான் அணிக்காரணி, அதாவது ‘அரே ஃபாக்டர்’ என்று பெயர்:

```
|AF| = | sin(Nψ/2) / sin(ψ/2) |
ψ    = 360° · (d/λ) · (sin θ − sin θ0)
```

N இருமுனைகளின் எண்ணிக்கை, d இடைவெளி, λ அலைநீளம், θ0 நாம் குறிவைத்த திசை, θ அலை வரும் திசை. ψ என்பது அடுத்தடுத்த இரண்டு அம்புகளுக்கு இடையே மீதமிருக்கும் கோணம்.

ψ பூச்சியமானால் முதன்மைக் கற்றை. அதன் அகலத்தை மொத்த நீளம் முடிவு செய்கிறது: 506 மீற்றருக்கு இது ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு, நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒன்று. இப்போது ψ சரியாக 360 பாகை ஆனால்? ஒவ்வொரு அம்பும் முந்தையதைவிட ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருக்கிறது. அப்படியென்றால் திரும்பவே இல்லை. மறுபடி நீளமான நேர்கோடு. முதன்மைக் கற்றைக்கு ஒரு துளியும் குறையாத இரண்டாவது கற்றை. இதுதான் கிராதிக் கற்றை. அது வரும் இடங்கள்:

```
sin θ = sin θ0 + m · λ/d     (m = ±1, ±2, ...)
```

சைன் ஒருபோதும் 1ஐத் தாண்டாது. ஆகவே வலப்பக்கம் 1ஐத் தாண்டினால் அப்படி ஒரு திசையே வானத்தில் இல்லை. பேய்க்கு நிற்க இடம் இல்லை. முழு விசயமும் இடைவெளியில் இருக்கிறது. அயலவர்கள் இருவருக்கும் இடையே அலை பயணம் செய்யக்கூடிய அதிகபட்சக் கூடுதல் தூரம் d. வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் சேர்த்துப் பார்த்தால் அது −d முதல் +d வரை, மொத்தம் 2d அளவு மாறும். ஒரு முழு அலைநீள வித்தியாசம் அந்த 2dக்குள் அடங்காவிட்டால், முழுச் சுற்றை மறந்ததால் குழப்பம் வராது.

ஊட்டியில் λ/d = 1.917. வடக்கே 30 பாகை பார்க்கும்போது 0.5 − 1.917 = −1.417. இடமில்லை. எவ்வளவு சாய்த்தால் பேய் எட்டிப் பார்க்கும்? sin θ0 = 0.917 ஆகும்போது, அதாவது 66 பாகையைத் தாண்டினால். நிலா வான நடுக்கோட்டிலிருந்து 28.5 பாகைக்கு மேல் விலகாது. ஊட்டித் தொலைநோக்கியின் முதல் வேலை நிலாவின் பாதையைப் பின்தொடர்வதுதான். எனவே 48 சென்ரிமீற்றர் இடைவெளி தாராளமாகப் போதும்.

பாதிச் செலவில் கட்டியிருந்தால்

1056 இருமுனை, 1056 கட்டமாற்றி, அவற்றுக்கான வயர்கள். ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிட்டு 528 வைத்திருந்தால் செலவு பாதி ஆகியிருக்குமே? மொத்த நீளம் அதேதான், ஆகவே கற்றையும் அதே கூர்மைதான். காகிதத்தில் பார்த்தால் நல்ல பேரம்போல் இருக்கும். இந்தச் சின்ன நிரலை ஓட்டிப் பாருங்கள்:

```python
import math
lam = 299.79 / 326.5
for d in (0.479, 0.958):
    for m in (-2, -1, 0, 1, 2):
        s = math.sin(math.radians(30)) + m * lam / d
        if abs(s) <= 1:
            print(d, m, round(math.degrees(math.asin(s)), 1))
```

47.9 சென்ரிமீற்றருக்கு ஒரே விடை வரும்: 30. 95.8 சென்ரிமீற்றருக்கு இரண்டு விடைகள்: 30, −27.3. வடக்கே 30 பாகையைப் பார்க்கும் தொலைநோக்கி, அதே நேரத்தில் தெற்கே 27.3 பாகையையும் கேட்டுக்கொண்டிருக்கும்.

தெற்கே 29 பாகையில் என்ன இருக்கிறது தெரியுமா? நம் பால்வீதியின் மையம், வானொலியில் வானத்தின் மிகப் பிரகாசமான பகுதிகளில் ஒன்று. கணக்கைத் திருப்பிப் போட்டால், வடக்கே 28.3 பாகையைக் குறிவைக்கும்போது பேய் நேராகப் பால்வீதி மையத்தில் போய் நிற்கும். தொட்டியும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால், நீங்கள் தேடும் மங்கலான மண்டலம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும்.

ஊட்டியில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை ஆகியிருக்கும் என்று பார்க்க, அங்கே என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டும். நிலா ஒரு வானொலி மண்டலத்தின் முன்னால் நகரும்போது, அதன் விளிம்பு மண்டலத்தை மெதுவாக மறைக்கும். சமிக்ஞை எந்தக் கணத்தில், எந்த வேகத்தில் விழுகிறது என்பதை அளந்தால், அந்த மண்டலத்தின் இடத்தையும் அளவையும் கற்றையின் அகலத்தைவிடப் பல மடங்கு நுணுக்கமாகச் சொல்லலாம். இப்படிச் சேர்த்த அளவுகளைக் கொண்டு 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும், மண்டலங்களின் தோற்ற அளவு மங்கலாக ஆக எப்படிச் சிறிதாகிறது என்று காட்டினார்கள். பிரபஞ்சம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்றானது. எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கொள்கைக்கு எதிராக நின்றது. அந்த வாதம் முழுவதும் ஒரு நம்பிக்கையின்மேல் இருக்கிறது: விழுந்த சமிக்ஞை நாம் பார்த்த திசையிலிருந்துதான் வந்தது.

சந்தேகம் வந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதிர்வெண்ணைக் கொஞ்சம் மாற்றி, அதே திசைக்குக் கட்டங்களைத் திரும்பக் கணக்கிட்டு வையுங்கள். முதன்மைக் கற்றை அதே இடத்தில் நிற்கும். ஆனால் பேயின் இடத்தில் λ/d இருக்கிறது. அலைநீளம் மாறினால் அது நகரும். மேலே சொன்ன 528 இருமுனைக் கணக்கில் ஒரு சதவீத மாற்றத்துக்கே பேய் அரைப் பாகைக்கு மேல் நகர்ந்துவிடும், கற்றையின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு. உண்மையான விண்பொருள் அங்கேயே இருக்கும். பேயினூடே வந்தது காணாமல் போகும்.

அப்படியென்றால் எப்போதும் மிக நெருக்கமாக வைத்துவிடலாமே என்று கேட்கலாம். எல்லாத் திசையிலும் பேய் வராமல் இருக்க அரை அலைநீளம் போதும். அதைவிட நெருக்கினால் அதே நீளத்துக்கு இன்னும் நிறைய இருமுனைகள் வேண்டும்; கூர்மை கூடாது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றின் அலையை ஒன்று பிடித்துத் திருப்பி அனுப்பவும் தொடங்கும். ஊட்டியின் 0.52 அலைநீளம் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் எண்.

மறதியின் இன்னொரு விலை

முழுச் சுற்றுக்களை மறப்பதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது. கடைசி இருமுனைக்கு 275 சுற்றை விட்டுவிட்டோம் அல்லவா? அந்த 275 என்ற எண் 326.5 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும்தான் சரி. ஒரு சதவீதம் கூடுதலான அதிர்வெண்ணுக்கு 278 சுற்று வேண்டும். கட்டமாற்றிக்கு அது தெரியாது. அதே பாகைகளைத்தான் வைத்திருக்கும். விளைவாக அந்த அதிர்வெண்ணுக்குக் கற்றை வேறு இடத்தைப் பார்க்கும்: 30 பாகையில் சுமார் மூன்றில் ஒரு பாகை விலகல். பத்தில் ஒரு பாகை அகலமுள்ள கற்றைக்கு இது முழுத் தவறு. அதனால்தான் இவ்வளவு நீளமான வரிசையை முழுக்கக் கட்டத்தால் மட்டும் திருப்புவதில்லை. பக்கத்து இருமுனைகளைக் குழுக்களாக்கி, குழுவுக்குள் கட்டத்தாலும், குழுக்களுக்கு இடையே உண்மையான நேரத் தாமதத்தாலும் சரிசெய்கிறார்கள். தாமதம் சுற்றுக்களை மறக்காது.

ஒழுங்கைக் குலைத்தவர்கள்

இன்று ஜேர்மனியிலேயே இந்தக் கதையின் அடுத்த பகுதியைப் பார்க்கலாம். எஃபெல்ஸ்பெர்க், யூலிஷ், தௌட்டன்பூர்க் போன்ற இடங்களில் லோஃபார் என்ற ஐரோப்பிய வானொலித் தொலைநோக்கியின் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே தாழ்ந்த அதிர்வெண்ணைக் கேட்கும் 96 சிறிய அன்ரெனாக்கள் ஒரு புல்வெளியில் நிற்கின்றன. முதல்முறை பார்ப்பவருக்கு யாரோ அவசரத்தில் நட்டுவிட்டுப் போனதுபோல் தெரியும். வரிசையும் இல்லை, சம இடைவெளியும் இல்லை.

இது கணக்குப் போட்டுக் குலைத்த ஒழுங்கு. கிராதிக் கற்றை வருவதற்கு எல்லா அம்பும் ஒரே நேரத்தில் முழுச் சுற்றை முடிக்க வேண்டும். இடைவெளிகள் எல்லாம் சமமாக இருந்தால்தான் அப்படி நடக்கும். ஒவ்வொரு இடைவெளியும் வேறாக இருந்தால், ஓர் இருவருக்கு 360 பாகை வரும் திசையில் அடுத்தவருக்கு 290 வரும், இன்னொருவருக்கு 410. எல்லோரும் ஒன்றாகச் சேர ஒரே ஒரு திசைதான் மிஞ்சும். பேயின் பலம் அழிந்துவிடுவதில்லை. ஒரே இடத்தில் நிற்காமல் வானம் முழுக்க மெல்லிய இரைச்சலாகச் சிதறிவிடுகிறது. அதை வடிகட்டுவது கணினியின் வேலை.

பிரவுன் மூன்று கம்பத்தில் காட்டியது, கட்டத்தால் திசையை மாற்றலாம் என்பதை. கிறிஸ்டியன்சன் தூரத்தூர வைத்துப் பேய்களை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஸ்வரூப் நெருக்கி வைத்து அவற்றை வானத்துக்கு வெளியே தள்ளினார். லோஃபாரைக் கட்டியவர்கள் ஒழுங்கைக் குலைத்து அவற்றைக் கலைத்தார்கள். இனிமேல் வரிசையாக நிற்கும் அன்ரெனாக்களின் படத்தை எங்கே கண்டாலும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: இடைவெளி எவ்வளவு, அலைநீளம் எவ்வளவு. அந்த வரிசை ஒரு திசையைப் பார்க்கிறதா, இரண்டையா என்று அந்த இரண்டு எண்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.